கடைச் சுவரில் ஒட்டிய தாள்: பாதையை விட்டு வேலையைச் சொல்லி எழுதியது

ராஜபாளையம் பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், பாஸ்போர்ட் அளவு போட்டோ, இவைதான் வருமானம். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது வேறு. "தம்பி, போன் ஃபுல்லுன்னு காட்டுது. ஒரு போட்டோ எடுக்க முடியல. கொஞ்சம் பாருங்க." வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வாட்ஸ்அப்பில் நாலைந்து குழுக்கள், காலை வணக்கப் படங்கள், கல்யாண வீடியோக்கள், எல்லாம் கேட்காமலே இறங்கி உட்கார்ந்திருக்கும்.

இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் ஜெராக்ஸுக்கு ஆள் நிற்கும் நேரத்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கிக் கொண்டிருக்க முடியாது. அதனால் படங்கள் இப்படித் தானாக இறங்குவதை நிறுத்தும் வழியை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டினேன். அந்தத் தாளை மூன்று தடவை மாற்றி எழுத வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் எங்கே தவறினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் தாள் எழுத ஐந்து நிமிடம் ஆனது. என் போனைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதினேன்: மூன்று புள்ளி, Settings, Data and storage usage, Media auto-download, When using mobile data, எல்லா டிக்கையும் எடுக்கவும். நடுவில் அம்புக்குறி எல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது.

அதை முதலில் செய்து பார்த்தவர் தேங்காய் மண்டி அண்ணாச்சி. மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டார். "நீ எழுதுன பேரு இதுல இல்லியே தம்பி." வாங்கிப் பார்த்தேன். என் போனில் பல மாதங்களாக எதையும் புதுப்பிக்கவில்லை. அதனால் எனக்குப் பழைய பெயர். அவருக்கு அதே இடத்தில் Storage and data என்று இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்று என்று கண்ணில் பட்ட உடனே புரிகிறது. அவருக்கு அப்படி இல்லை. கடையில் கணக்கு எழுதுகிறவர், ஒரு பெயர் என்றால் அந்தப் பெயர்தான். எழுதியபடி இல்லை என்றால் வேறு எங்கோ வந்துவிட்டோம் என்று பின்னால் திரும்பிவிடுகிறார். அது அவருடைய தப்பு இல்லை. சரியான பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னது என் தாள்.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு விதமாக மாட்டிக்கொண்டேன். ஒருவர் போனில் எல்லாமே தமிழில் இருந்தது. ஆங்கில எழுத்துகளைப் படம் போலப் பார்த்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார், பாவம். இன்னொருவரிடம் ஐபோன். அதில் மேலே மூன்று புள்ளி வழியாக அமைப்புகளுக்குப் போக முடியாது, கீழே இருக்கும் வரிசையில்தான் போக வேண்டும். முதல் படியே பொய்யாகிவிட்டது.

எந்தப் பதிப்பு என்று கேட்டு, பதிப்புக்கு ஒரு தாள் ஒட்டினால் என்ன என்று ஒரு நாள் யோசித்தேன். இரண்டு சிக்கல். பதிப்பு எண்ணைப் பார்க்க Settings, Help, App info என்று போக வேண்டும். பாதை தெரியாதவருக்கு உதவ, அவரையே இன்னொரு பாதையில் அனுப்புகிற கதை. சரி, எண் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் அது போதாது. இதுபோன்ற செயலிகளில் புது அமைப்பை எல்லோருக்கும் ஒரே நாளில் திறப்பதில்லை, சர்வரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். ஒரே பதிப்பு எண் உள்ள இரண்டு போன்கள்கூட சில நாள் வேறுவேறு முகம் காட்டும். ஆகவே பாதையை விட்டுவிட்டேன்.

இரண்டாம் தாளில் வேலையை மட்டும் சொன்னேன். "வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய், வரும் படங்களும் வீடியோக்களும் தானாகப் போனில் சேருவதை நிறுத்தும் இடத்தைத் தேடி அணைக்கவும்." எந்தப் பதிப்புக்கும் பொருந்தும், பெயர் எதுவும் இல்லை, இனி மாற்றவே தேவையில்லை என்று ஒரு திருப்தி.

பதினைந்து நாள் கழித்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். தாளைப் பார்த்துத் தானே செய்துகொண்டவர். "செஞ்சேன் தம்பி. கேலரி சுத்தமா இருக்கு, ஒரு குட் மார்னிங்கூட இல்ல. ஆனா போன் மறுபடியும் ஃபுல்."

போனைப் பார்த்ததும் தெரிந்தது. அவர் அணைத்தது வேறொன்று. வாட்ஸ்அப்பில் Chats என்ற பகுதிக்குள் Media visibility என்று ஒரு வரி இருக்கிறது. புதிதாக இறங்கும் படங்களைப் போனின் கேலரியில் காட்டலாமா வேண்டாமா என்பதுதான் அதன் வேலை. அணைத்தால் படம் இறங்குவது நிற்காது. இறங்கும், இடத்தையும் பிடிக்கும், கேலரியில் மட்டும் முகம் காட்டாது. ஏற்கெனவே கேலரியில் இருப்பவற்றை அது தொடுவதும் இல்லை, அவற்றை சார் ஒவ்வொன்றாகத் தானே அழித்திருக்கிறார். ஐபோனில் இதற்கு நிகரானது Save to Photos. அங்கே கொஞ்சம் மாறுபாடு உண்டு, அதை இயக்கி வைத்தால் படம் போட்டோஸ் செயலிக்குள் இன்னொரு பிரதியாகவே போய்விடும்.

தப்பு சாரிடம் இல்லை. "போனில் சேருவது" என்று நான் எழுதியதற்கு அவர் கொண்ட பொருள் முற்றிலும் நியாயமானது. அவருக்குப் போன் என்றால் கேலரிதான், கேலரியில் தெரிவது போனில் இருக்கிறது, தெரியாதது இல்லை. நான் சொன்ன வேலைக்கு இரண்டு அமைப்புகள் பொருந்தின, அவர் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்தார். அப்போதுதான் புரிந்தது, ஒரு அமைப்பை அதன் வேலையால் சொல்வதாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் அதன் சாயல்காரனுக்குப் பொருந்தாதபடி சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் அந்தத் தொல்லை இல்லை, பெயர் ஒன்றைத்தான் குறிக்கும். வேலையைச் சொல்லும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது, நாம்தான் வேலி போட வேண்டும்.

"சேருவது" என்ற சொல்லைத் தூக்கினேன். கடைக்கு வருகிறவர்கள் தாங்களே என்ன சொல்கிறார்கள் என்று நாலு நாள் கவனித்தேன். "தானா இறங்குது", "தொடாமலே டவுன்லோடு ஆகுது". அதையே எழுதினேன்: "நீங்கள் விரலால் தொடாமல் ஒரு படமும் இறங்கக் கூடாது. அதற்கான இடம் இது." அதன் கீழேயே, "கேலரியில் காட்டு, காட்டாதே என்று கேட்கும் இடம் அல்ல. அங்கே மாற்றினால் படம் மறையும், ஆனால் இறங்குவது நிற்காது."

அடுத்தது அடையாளம். வேலையைச் சொன்னால் எதைத் தேடுவது என்று தெரியும். ஆனால் வந்த இடம் சரியா என்று தெரிய, கண்ணுக்கு ஏதாவது வேண்டும். ஊருக்கு வழி சொல்லும்போது சாலையின் பெயரையா சொல்கிறோம்? "பெரிய புளியமரம் வரும், எதிர்த்தாப்ல ரேஷன் கடை" என்கிறோம். அதே மாதிரி எழுதினேன்: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரி ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும், அதுதான் இடம். பெயர் மாறினாலும் இந்த மூன்று வரி மாறவில்லை என்று நாலைந்து ஆண்ட்ராய்டு போன்களில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஐபோன் வைத்திருந்தவர் மறுபடி வந்தார். "மூணு வரி இல்லீங்களே." உண்மைதான். ஆண்ட்ராய்டில் முதலில் இணைப்பைக் கேட்கும். மொபைல் டேட்டா வரியைத் தொட்டால் படம், ஆடியோ, வீடியோ, ஆவணம் என்று டிக் போடும் பெட்டி திறக்கும். ஐபோனில் அப்படியே தலைகீழ். முதலில் படம், ஆடியோ, வீடியோ, ஆவணம் என்று வரிகள். படத்தைத் தொட்டால் உள்ளே ஒருபோதும் வேண்டாம், வைஃபையில் மட்டும், இரண்டிலும் என்று இணைப்பைக் கேட்கும். கேள்வி ஒன்றுதான்: எந்த வகைக் கோப்பு, எந்த இணைப்பில், தானாக இறங்கலாம்? இரண்டு போன்களும் அதை எந்த முனையிலிருந்து கேட்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

வரிகளின் எண்ணிக்கையையும் வரிசையையும் நான் அடையாளமாக வைத்ததுதான் கோளாறு. அது இன்னொரு வகைப் பாதை, அவ்வளவே. அந்தப் பக்கம் கேட்கும் கேள்வியை அடையாளமாக வைத்தேன். "படம், வீடியோ, ஆவணம் என்ற சொற்களும் வைஃபை, மொபைல் டேட்டா என்ற சொற்களும் ஒன்றாகவோ, ஒன்றைத் தொட்டால் இன்னொன்றாகவோ வரும் இடம்." கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதுவரை இது யாரையும் தவறான இடத்தில் நிறுத்தவில்லை.

இதைத் தாளில் ஏற்றுவதற்கு முன் போனில் சொல்லிப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. கோவில்பட்டியிலிருந்து பெரியம்மா. அவர் போனை நான் பார்த்ததே இல்லை, என்ன போன் என்றும் தெரியாது. வாட்ஸ்அப்பைத் திறந்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசச் சொன்னேன்.

"பெரியம்மா, அமைப்புகள்னோ செட்டிங்ஸ்னோ எங்கயாவது எழுதியிருக்கா? மேலே ஓரத்துல மூணு புள்ளி இருந்தா அதைத் தொட்டுப் பாருங்க. இல்லன்னா கீழ வரிசையப் பாருங்க."

"மூணு புள்ளி இருக்குய்யா. தொட்டேன். கடைசியில அமைப்புகள்னு இருக்கு."

"அதுக்குள்ள போங்க. இப்ப எதையும் தொடாம மேலிருந்து ஒவ்வொண்ணா வாசிங்க."

இந்த வாசிக்கச் சொல்வதுதான் பாதி வேலை. நான் பெயர் சொல்லி அவர் தேடுவதற்குப் பதில், அவர் வாசிக்க நான் தேடுகிறேன். கணக்கு, தனியுரிமை, அரட்டை என்று வாசித்துக்கொண்டே வந்தார். "சேமிப்பு" என்று தொடங்கும் வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். உள்ளே போனதும் பெரியம்மாவே ஒன்றைப் பிடித்தார். "அழைப்புக்குக் கம்மியா டேட்டா எடுக்கணும்னு ஒண்ணு இருக்கு. அதைப் போடவா?" Use less data for calls என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வரி. வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேசும்போது டேட்டா குறையும், படம் இறங்குவதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நான் "டேட்டா மிச்சம் பிடிக்க" என்று வேலையைச் சொல்லியிருந்தால் அதைத்தான் போட்டிருப்பார். "படம், வீடியோன்னு கேக்குதா அது?" என்றேன். "இல்ல." "அப்போ அது வேண்டாம், இன்னும் கீழ போங்க."

கீழே போனதும் அவரே சொன்னார்: "குரல் செய்தி எப்பவும் தானாவே இறங்கும்னு எழுதியிருக்குய்யா. அதுக்குக் கீழ மொபைல் டேட்டா, வைஃபைன்னு வருது." அந்தக் குறிப்பு பல போன்களில் அந்த இடத்திலேயே இருக்கும். அது நல்ல அடையாளம் மட்டுமல்ல, பின்னால் வரும் ஒரு புகாருக்குப் பதிலும்கூட. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் குரல் செய்தி இறங்கத்தான் செய்யும், அதை அணைக்க வழி இல்லை.

மொபைல் டேட்டாவிலும் வைஃபையிலும் நாலு டிக்கையும் எடுக்கச் சொன்னேன். வைஃபையை மறக்கக் கூடாது. பெரியம்மா வீட்டில் அண்ணன் வைஃபை போட்டிருக்கிறான், அங்கே டேட்டா காசு பிரச்சினை இல்லை, ஆனால் போன் நிறைவது அந்த வழியாகத்தான். முடிந்ததா என்று கேட்கவில்லை. அவருக்கு ஒரு படம் அனுப்பினேன். "என்ன தெரியுது?" "மங்கலா, கலங்குன மாதிரி இருக்கு. நடுவுல ஒரு அம்புக்குறி, பக்கத்துல ஏதோ நம்பர்." சரி, வேலை முடிந்தது. அம்பைத் தொட்டால்தான் இறங்கும், நம்பர் அதன் அளவு. படம் தெளிவாகத் தெரிந்திருந்தால் எங்கோ ஒரு டிக் மிச்சம் என்று அர்த்தம்.

இந்தச் சோதனையைத் தாளில் கடைசி வரியாகச் சேர்த்தேன். எந்தப் பதிப்பானாலும், எந்த மொழியானாலும் அது பொருந்தும். பெயரும் பாதையும் தவறியிருந்தால்கூட அது காட்டிக் கொடுத்துவிடும். தலைமையாசிரியருக்கு முதல் நாளே இது இருந்திருந்தால் பதினைந்து நாள் வீணாகியிருக்காது.

இவ்வளவு நன்றாகப் போனதும் தலைக்கு ஏறிவிட்டது. ஏற்கெனவே இறங்கிக் கிடப்பதை அழிக்கவும் இதே பாணியில் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன்: "நிறைந்த இடத்தைக் காலி செய்யும் அமைப்பைத் தேடி அழிக்கவும்."

மறுநாள் ஒரு பையன் கடை வாசலிலேயே நின்று செய்துகொண்டிருந்தான். "அண்ணே, இது எல்லாத்தையும் நிரந்தரமா அழிக்கவான்னு கேக்குது, ஓகே குடுக்கவா?" நல்லவேளை கேட்டான். அவன் வாட்ஸ்அப்புக்குள்ளேயே இல்லை. போனின் அமைப்புகளில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய், வாட்ஸ்அப்பைத் தொட்டு, Clear data வரை வந்திருந்தான். அது செயலியைப் புதிதாக நிறுவியது போல ஆக்கிவிடும், மறுபடி நம்பர் கொடுத்து உள்ளே வர வேண்டும், பேக்கப் சரியாக இல்லாவிட்டால் பேச்செல்லாம் போய்விடும். ஆனால் என் தாளில் இருந்த சொற்களைப் பார்த்தால், அவன் போனது மிகச் சரியான இடம். நிறைந்த இடத்தைக் காலி செய்யும் அமைப்புதானே அது.

டிக்கைத் தவறாக எடுத்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். அழிப்பதில் அது இல்லை. அதனால் அழிக்கும் வேலையை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிட்டேன், போனை என்னிடம் கொடுங்கள் என்று எழுதினேன். நான் செய்யும்போதும் வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் Manage storage வழியாகத்தான் போகிறேன். அங்கே 5 எம்.பி.க்கு மேற்பட்டவை தனியாகவும், பல தடவை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் இருக்கும். ஒவ்வொன்றையும் உரியவரிடம் காட்டிக் கேட்டுத்தான் அழிக்கிறேன். பேரன் முதல் நடை வீடியோவும் 5 எம்.பி.க்கு மேல்தான்.

அந்தப் பையனால் இன்னொரு வரியும் கிடைத்தது. எந்தச் செயலியின் அமைப்பு என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். போனின் அமைப்புகளில் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் நேராக அதில் போய்த் தேடுவார்கள். வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் இந்த அமைப்பு அங்கே கிடைக்காது, வேறு ஏதாவதுதான் வரும்.

இதற்குள் என் போனையும் புதுப்பித்துவிட்டேன். இப்போது சுவரில் இருப்பது இது:

"வாட்ஸ்அப்பைத் திறந்து, அதற்குள் இருக்கும் அமைப்புகளுக்குப் போங்கள். போனின் அமைப்புகள் அல்ல.

உங்களுக்கு வேண்டியது: நீங்கள் தொடாமல் படம், வீடியோ, ஆவணம் எதுவும் இறங்கக் கூடாது.

சேமிப்பு அல்லது டேட்டா என்ற சொல் வரும் வரிக்குள் இது இருக்கும். என் போனில் இப்போது Storage and data என்று இருக்கிறது, உங்களுடையதில் வேறாக இருக்கலாம்.

சரியான இடம் என்றால், படம், வீடியோ போன்ற வகைகளையும் வைஃபை, மொபைல் டேட்டாவையும் சேர்த்துக் கேட்கும். அழைப்பைப் பற்றியோ கேலரியைப் பற்றியோ கேட்டால் அது வேறு, திரும்பி வாருங்கள்.

வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும் அணையுங்கள்.

முடிந்ததும் யாரையாவது ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். மங்கலாக, அம்புக்குறியோடு வந்தால் சரி.

எதையும் அழிக்கச் சொன்னால் ஓகே கொடுக்காதீர்கள். போனைக் கொண்டு வாருங்கள்."

என் போனில் உள்ள பெயரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். "ஒரு பேரு இருந்தாத்தான் தம்பி தைரியமா உள்ள போக முடியுது. வேறயா இருக்கலாம்னு நீயே எழுதிட்டேல்ல, அது போதும்." அவர் போனில் அவரே செய்தார். என்னைக் கூப்பிடவில்லை, படம் அனுப்பச் சொல்ல மட்டும் கூப்பிட்டார். தேங்காய் மட்டை ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். மங்கலாகத்தான் போய்ச் சேர்ந்தது.

பெரியம்மா நேற்று கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் அண்ணன் மகள் அனுப்பும் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருக்கிறதாம். அது மட்டும் தானாக இறங்கக் கூடாதா என்று கேட்டார். வைஃபையில் படத்துக்கு மட்டும் டிக்கை வைத்துக்கொள்ளலாம், ஆனால் குழுக்களில் வருவதும் சேர்ந்து இறங்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வேண்டாம்யா, நான் தொட்டே பாத்துக்கிறேன்."